டிவிடெண்டைத் திரும்பப் போட்டால் உண்மையில் எவ்வளவு கிடைத்தது? ஐடிசி ஷேரை வைத்து ஒரு கணக்கு

ஒரு ஷேர் ஐந்து வருடத்தில் எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் செல்போன் ஆப்பைத் திறந்து வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் பார்த்து, பச்சையா சிவப்பா என்று சொல்லிவிட்டு மூடிவிடுகிறோம். டிவிடெண்ட் கொடுக்காத கம்பெனிக்கு இது போதும். வருடாவருடம் ஒழுங்காக டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனிக்கு இது பாதிக் கணக்குதான், ஏனென்றால் டிவிடெண்ட் உங்கள் டிரேடிங் கணக்குக்கு வருவதில்லை. டீமேட்டோடு இணைத்த பேங்க் கணக்குக்குப் போய், சம்பளத்தோடும் கரண்ட் பில்லோடும் கலந்து காணாமல் போய்விடும். ஆப்பில் தெரிகிற சிவப்பு நிறத்துக்கு அந்தப் பணம் வந்ததே தெரியாது.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டவர், வீட்டு விலை ஏறவில்லை என்பதற்காக நஷ்டம் என்று சொல்வாரா? வாடகையையும் சேர்த்துத்தானே பார்ப்பார். விலை மாற்றத்தை மட்டும் பார்ப்பதை விலை வருமானம் என்கிறோம். அதோடு டிவிடெண்டையும் சேர்த்து, அந்த டிவிடெண்டில் அதே ஷேரைத் திரும்ப வாங்கியதாக வைத்துப் பார்ப்பது மொத்த வருமானம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நாமே ஒரு தாளிலோ கூகுள் ஷீட்டிலோ போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டுக்கு ஐடிசியை எடுத்துக்கொள்கிறேன். வாங்குங்கள் என்று சொல்வதற்காக இல்லை. 2017 மார்ச் முடிவில் இருந்து 2022 மார்ச் முடிவு வரைக்கும் அந்த ஷேர் நடந்துகொண்ட விதம் இந்தக் கணக்குக்கு அவ்வளவு பொருத்தம். ராணிப்பேட்டையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன் அந்தக் காலம் முழுக்க அதை வைத்திருந்தார். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கும்போதெல்லாம், "இன்னா தம்பி, நல்ல கம்பெனின்னு சொன்னாங்க, அஞ்சு வருஷமா அப்படியே கெடக்குது, போட்ட காசே வரல" என்பார். "பாஸ்புக்கைப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்பார். சம்பந்தம் இருக்கிறது.

முதலில் விலையை எடுங்கள்

2017 மார்ச் 31 அன்று ஐடிசி சுமார் 280 ரூபாய். 2022 மார்ச் 31 அன்று சுமார் 250 ரூபாய். நடுவில் 2017 ஜூலையில் சிகரெட் மீது ஜிஎஸ்டி செஸ்ஸைக் கூட்டியதும் ஒரே நாளில் பலத்த அடி வாங்கியது, 2020 கொரோனா நேரத்தில் இன்னும் கீழே போனது. அதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம், நமக்குத் தேவை தொடக்கமும் முடிவும். இந்தக் கட்டுரை முழுக்க விலைகளை ஐந்து பத்து ரூபாய்க்கு முழுமையாக்கித்தான் எழுதுகிறேன், மனக்கணக்குக்கு எளிதாக இருக்கும். உங்கள் சொந்த ஷேருக்குப் போடும்போது காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கிற விலையையே எடுங்கள்.

100 ஷேர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். போட்டது 28,000 ரூபாய். ஐந்து வருடம் கழித்து அதன் மதிப்பு 25,000. விலை வருமானம் மைனஸ் 10.7 சதவீதம். அண்ணன் புலம்பியதில் தப்பில்லை, ஆப்பில் தெரிவது இதுதான்.

அடுத்து டிவிடெண்ட் பட்டியல்

இந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு ஷேருக்கு வந்த டிவிடெண்ட்: 4.75, 5.15, 5.75, 10.15, 5.00, 5.75, 5.25 ரூபாய். ஏழு முறை, மொத்தம் 41.80 ரூபாய். 2020 வரைக்கும் வருடத்துக்கு ஒருமுறைதான் கொடுத்தார்கள். 2021 தொடக்கத்தில் இருந்து இடைக்கால டிவிடெண்ட் ஒன்று, இறுதி டிவிடெண்ட் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

இந்தப் பட்டியலை எங்கே எடுப்பது? என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டின் தளத்திலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் Corporate Actions என்ற பகுதி இருக்கும், அங்கே எக்ஸ்-டேட்டோடு வரும், அதாவது அந்த நாளிலோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்கிற தேதியோடு. கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இருக்கும். உங்கள் கைக்கு உண்மையிலேயே வந்ததா என்று பார்க்க, வருமான வரித் தளத்தில் AIS என்ற அறிக்கையைத் திறந்தால் எந்தக் கம்பெனி எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தது என்று நிதியாண்டு வாரியாக இருக்கும். அதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அறிக்கையில் இருந்து பேங்கில் இல்லையென்றால், பழைய மூடிப்போன கணக்கு நம்பர் டீமேட்டில் அப்படியே கிடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். வாங்காமல் விட்ட டிவிடெண்ட் ஏழு வருடம் கழித்து அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், அங்கிருந்து திரும்ப வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. செய்தியில் "515 சதவீத டிவிடெண்ட்" என்று வரும். 280 ரூபாய் ஷேருக்கு 515 சதவீதமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். அது முகமதிப்பின் மீது, அதாவது சந்தை விலையோடு சம்பந்தம் இல்லாமல் கம்பெனி ஒரு ஷேருக்கு வைத்திருக்கிற அடிப்படை மதிப்பின் மீது சொல்கிற சதவீதம். ஐடிசியின் முகமதிப்பு 1 ரூபாய், அதனால் 515 சதவீதம் என்றால் 5.15 ரூபாய், அவ்வளவுதான். முகமதிப்பு 10 ரூபாயாக உள்ள கம்பெனி 50 சதவீதம் என்று சொன்னால் அதுவும் 5 ரூபாய்தான். சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது டிவிடெண்டை வாங்கிச் செலவு செய்துவிட்டார் என்று வைத்தால்கூட, 25,000 ரூபாய் ஷேர், 4,180 ரூபாய் டிவிடெண்ட், மொத்தம் 29,180. மைனஸ் 10.7 சதவீதமாக இருந்தது பிளஸ் 4.2 சதவீதமாகிவிட்டது. திரும்ப முதலீடு செய்வதைப் பற்றி இன்னும் பேசவே இல்லை, அதற்குள் சிவப்பு பச்சையாகிவிட்டது.

இனி திரும்பப் போடும் கணக்கு

அமெரிக்காவில் டிவிடெண்டைத் தானாகவே ஷேராக மாற்றித் தருகிற திட்டங்கள் உண்டு, முக்கால் ஷேர் கால் ஷேர் என்றுகூடக் கணக்கில் ஏறும். நம் ஊரில் நேரடியாக ஷேர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பேங்குக்கு வந்த பணத்தை நாமே டிரேடிங் கணக்குக்கு மாற்றி, நாமே ஆர்டர் போட வேண்டும், முழு ஷேராகத்தான் வாங்க முடியும். அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சில்லறை மிஞ்சும், அது அடுத்த டிவிடெண்டோடு சேரும். இணையத்தில் கிடைக்கிற கால்குலேட்டர்கள் பலவும் இந்தச் சில்லறையைப் பார்ப்பதில்லை, அதனால் கையால் போடுவதே மேல்.

ஷீட்டில் இப்படி நெடுவரிசைகளைப் போடுங்கள்: A-யில் மாதம், B-யில் ஒரு ஷேருக்கு டிவிடெண்ட், C-யில் கையில் இருக்கும் ஷேர், D-யில் வந்த தொகை, E-யில் பழைய சில்லறையும் சேர்த்த தொகை, F-இல் வாங்கும் நாள் விலை, G-யில் வாங்கிய ஷேர், H-இல் மிச்சம். முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியில் H2-வில் மட்டும் 0, மூன்றாவது வரியில் முதல் டிவிடெண்ட், C3-இல் 100.

```
D3: =B3*C3
E3: =D3+H2
G3: =INT(E3/F3)
H3: =E3-G3*F3
C4: =C3+G3
```

இதைக் கீழே இழுத்துவிட்டால் மீதி தானாக வரும். எது எங்கிருந்து வருகிறது என்று தெரிய, முதல் இரண்டு வரிகளை வாயால் சொல்லிப் பார்ப்போம். 2017 ஆகஸ்ட்டில் 100 ஷேருக்கு 4.75 வீதம் 475 ரூபாய் வந்தது. அப்போது விலை 285. ஒரு ஷேர் வாங்கலாம், 190 ரூபாய் மிச்சம். இப்போது 101 ஷேர். அடுத்த வருடம் 5.15 என்றால் 101 ஷேருக்கு 520.15 ரூபாய், பழைய 190 சேர்த்தால் 710.15. விலை 295, இரண்டு ஷேர் வாங்கி 120.15 மிச்சம். கையில் 103. போன வருடம் வாங்கிய அந்த ஒரே ஒரு ஷேரும் இந்த வருடம் தன் பங்குக்கு ஐந்து ரூபாய் பதினைந்து காசு கொண்டுவந்தது, கூட்டு வளர்ச்சி என்பது இந்த இடத்தில்தான் நுழைகிறது.

முழுப் பட்டியல்:

| பணம் வந்த காலம் | ஒரு ஷேருக்கு | வந்த தொகை | விலை | வாங்கியது | கையில் ஷேர் | மிச்சம் |
|---|---|---|---|---|---|---|
| 2017 ஆகஸ்ட் | 4.75 | 475.00 | 285 | 1 | 101 | 190.00 |
| 2018 ஜூலை | 5.15 | 520.15 | 295 | 2 | 103 | 120.15 |
| 2019 ஜூலை | 5.75 | 592.25 | 275 | 2 | 105 | 162.40 |
| 2020 செப்டம்பர் | 10.15 | 1,065.75 | 185 | 6 | 111 | 118.15 |
| 2021 மார்ச் | 5.00 | 555.00 | 205 | 3 | 114 | 58.15 |
| 2021 ஆகஸ்ட் | 5.75 | 655.50 | 210 | 3 | 117 | 83.65 |
| 2022 மார்ச் | 5.25 | 614.25 | 220 | 3 | 120 | 37.90 |

முடிவில் 120 ஷேர். 250 ரூபாய் வீதம் 30,000, மிச்சம் 37.90. ஆக 30,038 என்று வைத்துக்கொள்வோம். 28,000-க்கு இது பிளஸ் 7.3 சதவீதம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலையை மட்டும் பார்த்தவருக்கு 3,000 ரூபாய் நஷ்டம். டிவிடெண்டை வாங்கிக்கொண்டவருக்கு 1,180 ரூபாய் லாபம். திரும்பப் போட்டவருக்கு 2,038 ரூபாய் லாபம். விலைக் கணக்குக்கும் மொத்தக் கணக்குக்கும் நடுவே உள்ள 5,000 சொச்சம் ரூபாயில், டிவிடெண்ட் கொடுத்தது 4,180, திரும்பப் போட்டதால் கூடியது 858 மட்டும்தான். கூட்டு வட்டி மாயம் என்று வீடியோவில் கத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஐந்து வருடம் மாதிரி குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் டிவிடெண்டைக் கணக்கில் சேர்ப்பதால்தான் வருகிறது.

இன்னொன்றையும் பட்டியலில் கவனியுங்கள். கூடுதலாக வந்த 20 ஷேரில் 6 ஷேர் 2020 செப்டம்பரில் ஒரே தடவையில் வந்தவை. டிவிடெண்ட் கூடியது, விலை 185-க்கு இறங்கியிருந்தது, இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. திரும்பப் போடுகிறவருக்கு நடுவில் விலை இறங்கிக் கிடப்பது, அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கினாலும், ஷேர் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறது. கம்பெனி டிவிடெண்டைக் குறைக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். லாபம் குறைந்து டிவிடெண்டையும் வெட்டிவிட்டால் மலிவு விலையில் வாங்கக் கையில் காசே இருக்காது, அப்படியே வாங்கினாலும் மூழ்குகிற படகில் இன்னும் ஏறின மாதிரிதான்.

வருடத்துக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள்

மொத்த சதவீதத்தை வருடங்களால் வகுக்கக் கூடாது. கூட்டு வளர்ச்சி விகிதம் இப்படி:

```
=(30038/28000)^(1/5)-1
=(25000/28000)^(1/5)-1
```

முதலாவது வருடத்துக்குச் சுமார் 1.4 சதவீதம், இரண்டாவது மைனஸ் 2.2 சதவீதம். டிவிடெண்ட் வருடத்துக்கு மூன்றரை சதவீதத்துக்கு மேல் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனாலும் 1.4 சதவீதம் என்பது போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டுக்குக் கீழே. அண்ணனிடம் இதைக் காட்டியபோது, "நஷ்டம் இல்லன்னு மட்டும் சொல்லு, லாபம்னு சொல்லாத" என்றார். சரியான பேச்சு.

டிவிடெண்டைத் திரும்பப் போடாமல் வெவ்வேறு தேதியில் வாங்கிக்கொண்டவருக்கு இந்தச் சூத்திரம் சரிப்படாது. அவர் ஒவ்வொரு தொகையையும் தேதியோடு எழுதி, போட்டதை மைனஸாகவும் வந்ததை பிளஸாகவும் வைத்து ஷீட்டில் தேதிகளை வைத்து வருட விகிதம் கண்டுபிடிக்கிற XIRR சூத்திரத்தைப் போட வேண்டும். திரும்பப் போட்டவருக்கு நடுவில் பணம் வெளியே வரவே இல்லை என்பதால் தொடக்கமும் முடிவும் போதும்.

எதோடு ஒப்பிடுவது

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. தன் ஷேருக்கு டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, டிவியில் ஓடுகிற நிஃப்டியோடு ஒப்பிடுகிறார்கள். டிவியில் ஓடும் நிஃப்டி 50 விலைக் குறியீடு, அதில் டிவிடெண்ட் இல்லை. டிவிடெண்டைத் திரும்பப் போட்டதாகக் கணக்கிடுகிற குறியீடு தனியாக உண்டு, பெயர் Nifty 50 TRI, நிஃப்டி குறியீடுகளுக்கான தளத்தில் பழைய தேதிகளுக்கும் கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்டுகளும் முன்பு விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. 2018 பிப்ரவரி முதல் டிஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி சொல்லிவிட்டது.

நம் ஐந்து வருடத்தில் நிஃப்டி விலைக் குறியீடே சுமார் 9,170-இல் இருந்து 17,460-க்குப் போனது, கிட்டத்தட்ட 90 சதவீதம். அதன் டிஆர்ஐ அதைவிட அதிகம். ஐடிசியின் மொத்த வருமானம் 7 சதவீதம். ஆக, டிவிடெண்ட் நிறைய கொடுக்கிறது என்பதற்காக ஒரு ஷேர் நன்றாக ஓடியது என்று ஆகிவிடாது. மொத்த வருமானக் கணக்கு ஷேரைக் காப்பாற்றுவதற்காக இல்லை, உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காக.

இன்னும் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தால்

2023 மார்ச் முடிவில் ஐடிசி சுமார் 380-க்கு வந்துவிட்டது. அந்த வருடத்தில் இரண்டு டிவிடெண்ட், ஷேருக்கு 6.25, அப்புறம் 6 ரூபாய். சுமார் 300-க்கும் 385-க்கும் திரும்ப வாங்கினால் இரண்டிரண்டாக நான்கு ஷேர் சேர்ந்து 124 ஆகிறது, மிச்சம் 150 ரூபாய். மதிப்பு சுமார் 47,270. டிவிடெண்டை எடுத்துக்கொண்டவருக்கு 38,000 ரூபாய் ஷேர், இதுவரை வாங்கிய டிவிடெண்ட் 5,405, மொத்தம் 43,405.

முந்தின வருடம் இந்த இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 858 ரூபாய். இப்போது 3,865. மலிவாக வாங்கி வைத்த ஷேர்கள் விலை ஏறும்வரைக்கும் சும்மா எண்ணிக்கையாகத்தான் இருந்தன, ஏறியதும் மதிப்பாகிவிட்டன. விலை வருமானம் ஆறு வருடத்துக்கு 36 சதவீதம், மொத்த வருமானம் 69 சதவீதம். அதே நேரம், எந்தத் தேதியில் கணக்கை நிறுத்துகிறோம் என்பதே பதிலை எவ்வளவு மாற்றிவிடுகிறது பாருங்கள். 2022-இல் நிறுத்தினால் சுமாரான ஷேர், 2023-இல் நிறுத்தினால் நல்ல ஷேர். யாராவது உங்களிடம் ஒரே ஒரு காலக்கணக்கைக் காட்டினால், தொடக்கத்தையும் முடிவையும் ஒரு வருடம் முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

வரியும் செலவும்

2020 மார்ச் வரைக்கும் டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தது, சாதாரண முதலீட்டாளர் கட்ட வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் அது மாறிவிட்டது, டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரி. நம் பட்டியலில் 2020 செப்டம்பரில் இருந்து 2022 மார்ச் வரை வந்தது சுமார் 2,890 ரூபாய். 20 சதவீத வரியில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 600 ரூபாய் போகும். கணக்கைச் சுத்தமாகப் போட வேண்டுமென்றால் D நெடுவரிசையில் வரி போக மிஞ்சும் தொகையை எழுதுங்கள். நீங்கள் திரும்ப முதலீடு செய்தாலும் வரி உண்டு, கையில் எடுக்கவே இல்லையே என்று சொல்ல முடியாது.

டிடிஎஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். ஒரு கம்பெனியின் டிவிடெண்ட் ஒரு நிதியாண்டில் 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தார்கள், 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10,000. பிடித்தால் பேங்குக்குக் குறைவாகத்தான் வரும், அதனால் பேங்கில் வந்த தொகையை ஷேர் எண்ணிக்கையால் வகுத்து டிவிடெண்ட் கண்டுபிடிக்காதீர்கள். வரி கட்டும் அளவு வருமானமே இல்லாத வீட்டுப் பெரியவர்கள் 15ஜி அல்லது 15ஹெச் படிவம் கொடுத்து அதைத் தவிர்த்தார்கள். பிடித்துவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

வாங்கும் செலவு சின்ன விஷயம் மாதிரி தெரியும். டெலிவரிக்கு வாங்கும்போது எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், இது பரவாயில்லை. ஆனால் உங்கள் புரோக்கர் ஆர்டருக்கு 20 ரூபாய் என்று நிலையாக வாங்குகிறவர் என்றால், 285 ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்க 20 ரூபாய் கொடுப்பது 7 சதவீதம் போகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று டிவிடெண்டைச் சேர்த்து வைத்து ஒரே ஆர்டராகப் போடுங்கள், இல்லையென்றால் டெலிவரிக்குக் கட்டணம் வாங்காத கணக்கில் செய்யுங்கள்.

கணக்கு எங்கே தப்பும், எப்படித் தெரியும்

முதலாவது, தேதி. ஷேர் எண்ணிக்கை எக்ஸ்-டேட்டுக்கு முந்தின நாள் கையில் இருந்தது, வாங்கும் விலை பணம் வந்த நாளுக்கானது. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். 2020-இல் ஐடிசிக்கு எக்ஸ்-டேட் ஜூலை தொடக்கத்தில், பணம் வந்தது ஆண்டுக் கூட்டம் முடிந்து செப்டம்பரில். டேட்டா தளங்கள் எக்ஸ்-டேட் விலையிலேயே வாங்கியதாகக் கணக்கிடும், அதனால் உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் கொஞ்சம் விலகும். ஒன்றிரண்டு சதவீதம் என்றால் பயப்பட வேண்டாம், பத்து சதவீதம் என்றால் எங்கேயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

எக்ஸ்-டேட்டுக்கு முந்தின நாள் வாங்கி டிவிடெண்டை மட்டும் தட்டிக்கொண்டு விற்றுவிடலாமே என்று தோன்றும். எக்ஸ்-டேட் அன்று காலையில் விலை ஏறத்தாழ அந்த டிவிடெண்ட் அளவுக்குக் குறைந்துதான் தொடங்கும். கூடவே வரியும் எஸ்டிடியும் உங்கள் தலையில்.

இரண்டாவது, சரிக்கட்டிய விலை. யாஹூ ஃபைனான்ஸில் பழைய விலையைப் பார்த்தால் Close என்றும் Adj Close என்றும் இரண்டு நெடுவரிசை இருக்கும். Adj Close-இல் டிவிடெண்டை ஏற்கெனவே கழித்துப் பழைய விலையைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்த விலையில் தொடங்கி, மேலே நீங்களும் டிவிடெண்டைச் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். கணக்கைக் கையால் போடுகிறீர்கள் என்றால் Close, சுருக்கமாகச் சரிபார்க்க மட்டும் Adj Close. சரிபார்ப்பது எளிது: கடைசி Adj Close-ஐ முதல் Adj Close-ஆல் வகுத்தால், நம் 30,038-ஐ 28,000-ஆல் வகுத்தால் வருகிற 1.07-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, போனஸும் பிரிப்பும். ஐடிசி 2016 ஜூலையில் இரண்டு ஷேருக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. நான் 2017-இல் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு முன்பே வாங்கியவர் 100 ஷேரை 150 ஆக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும், இல்லையென்றால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன மாதிரி காட்டும். விலை திடீரென்று ஒரே நாளில் பாதியாகவோ மூன்றில் இரண்டாகவோ குறைந்திருந்தால் முதலில் Corporate Actions பக்கத்தைத் திறங்கள்.

2025 ஜனவரியில் ஐடிசி தன் ஹோட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, பத்து ஐடிசி ஷேருக்கு ஒரு ஐடிசி ஹோட்டல்ஸ் ஷேர் கொடுத்தது. அன்று ஐடிசி விலை இறங்கியது நஷ்டம் இல்லை, அந்த மதிப்பு வேறு ஷேராக உங்கள் டீமேட்டுக்கு வந்துவிட்டது. சில தளங்கள் இதற்காகவும் 2017-இன் பழைய விலையைக் குறைத்துக் காட்டும், அதனால் 280 என்று நான் எழுதியதற்குப் பதில் இன்று உங்கள் திரையில் அதைவிடக் குறைவாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம், என்எஸ்இ அந்த நாள் வெளியிட்ட விலைப் பட்டியலான பாவ்காப்பியில் உள்ள விலையை எடுங்கள். இந்தக் கணக்கை 2025-க்கு மேல் நீட்டுகிறவர்கள் ஷீட்டில் ஹோட்டல் ஷேருக்கென்று தனி வரி போட்டு, வைத்திருந்தால் கடைசி நாள் மதிப்பை மொத்தத்தோடு கூட்டுங்கள். விற்றுவிட்டு ஐடிசியே வாங்கியிருந்தால், விற்ற பணத்தை இன்னொரு டிவிடெண்ட் மாதிரி D நெடுவரிசையில் எழுதிவிட்டு, வாங்கிய ஷேரை G-யில் சேருங்கள்.